கீரைச் சாறும் வார்பரின் மாத்திரையும்: நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், ஒரே அளவாக வையுங்கள்



"டிரசர் ஐயா, வார்பரின் சாப்பிடுறேன். கீரை சாப்பிடலாமா, கூடாதா?" தோட்டத்துக் கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பல வருஷங்களுக்கு முன் நான் இதற்குச் சொன்ன பதில் தவறானது. அதனால் ஒரு அக்காவுக்கு ஆபத்து வந்தது. அந்தக் கதையைச் சொல்லி, எது சரி என்பதை இந்த இதழில் விளக்குகிறேன்.

யார் யாருக்கு இந்த மாத்திரை?

சிறு வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமுமாகக் காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு கெட்டு, பிறகு உலோக வால்வு பொருத்திக் கொண்டவர்கள் நம் மக்களிடையே உண்டு. நாடித் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள் உண்டு. காலில் இரத்தம் கட்டி வீங்கியவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் இரத்தம் உள்ளேயே கட்டிவிடக்கூடாது என்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்தே வார்பரின். இரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

இதைக் கேட்டதும் செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்கள், "அது எலி மருந்தாச்சே ஐயா!" என்பார்கள். உண்மைதான். 1948-இல் வார்பரின் முதலில் எலிக்கொல்லியாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. பெயர் ஒன்றானாலும் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக்கண்டு பயந்து மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். ஆனால் எலி மருந்து தின்று இரத்தம் கசிகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன மாற்று மருந்து கொடுக்கிறார்கள் தெரியுமா? வைட்டமின் கே. அதே வைட்டமின் கே-தான் நம் கீரையிலும் இருக்கிறது. விஷயத்தின் முடிச்சு இங்கேதான்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் கல்லீரல், இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களைத் தினமும் செய்கிறது. அவற்றுள் நான்கைச் சரியாகச் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. ஒரு முறை வேலை செய்த வைட்டமின் கே தீர்ந்து போவதில்லை. கல்லீரல் அதைப் புதுப்பித்து மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறது. வார்பரின் அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கிறது. ஆகவே உறைய வைக்கும் பொருள்கள் குறைவாக உண்டாகின்றன. இரத்தம் மெதுவாக உறைகிறது. பலரும் நினைப்பதுபோல் இரத்தம் தண்ணீராகிப் போவதில்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். பால் வாளியிலேயே கட்டிவிடாமல் இருக்க அமோனியா விடுவார்கள். பாலுக்குத் தக்கபடிதான் அமோனியாவின் அளவு. இன்று ஒரு பிடி, நாளை மூன்று பிடி என்று யாரும் விடுவதில்லை. வார்பரின் அந்த அமோனியாவைப் போன்றது. டாக்டர் உங்களுக்கு 3 மில்லிகிராம் என்று எழுதும்போது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்குத் தக்கபடி எழுதுகிறார். உங்கள் சாப்பாட்டில் இருக்கும் கீரையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. பிறகு நீங்கள் கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் அவர் போட்ட கணக்கு உடைந்து விடுகிறது.

இந்தக் கணக்கை அளக்கும் சோதனையின் பெயர் ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாத சாதாரண ஆளுக்கு இது 1 அளவில் இருக்கும். நாடித் துடிப்புக் கோளாறு, காலில் இரத்தக்கட்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை வைப்பார்கள். இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு உலோகமாக இருந்தால் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. எண் குறைந்தால் இரத்தம் கட்டும் ஆபத்து. எண் ஏறினால் இரத்தம் கசியும் ஆபத்து. உங்களுக்கென்று குறித்த எண் உங்கள் வார்பரின் புத்தகத்தில் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

அக்காவின் கதை

உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்த்த ஒரு அக்கா. வயது 52. உலோக மைட்ரல் வால்வு. தினம் மாலையில் 3 மில்லிகிராம் வார்பரின். ஆறு மாதமாக அவருடைய ஐ.என்.ஆர். 2.8, 3.0, 2.9 என்று அழகாக நின்றது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரைப் பொரியலும், ஒரு நாள் முருங்கைக்கீரைச் சொதியும் சாப்பிடுவார்.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்ல, அவருடைய மருமகள் தினமும் காலையில் பச்சை முருங்கை இலையை அரைத்துச் சாறு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தினம் இரண்டு கைப்பிடி இலை. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது ஐ.என்.ஆர். 1.7. "மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஒரு நாள் கூட விடலை" என்றார். அவர் சொன்னது உண்மை. சாறு பற்றி யாரும் கேட்கவில்லை; அது மருந்து இல்லையே என்று அவரும் சொல்லவில்லை. மாத்திரையை 4 மில்லிகிராம் ஆக்கினார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் 2.7. எல்லோருக்கும் திருப்தி.

பிறகு ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்க்க என்னிடம் வந்தவர், பேச்சுவாக்கில் சாறு விஷயத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! வார்பரின் சாப்பிடுறவங்க பச்சை இலையைத் தொடவே கூடாது. சாறையும் நிறுத்துங்க, கீரையையும் நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாத்திரையைக் கூட்டியது எப்போது, எதற்காக என்று நான் கேட்கவில்லை. நான் செய்த தவறு இதுதான்.

பத்தாவது நாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து வந்த இரத்தம் நிற்கவில்லை. தொடையில் அடிபடாமலே கருநீலத் தழும்பு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐ.என்.ஆர். 6.2! ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். 4 மில்லிகிராம் என்பது சாறு குடிக்கும் அக்காவுக்குப் போட்ட கணக்கு. சாறு போயிற்று, வழக்கமான கீரையும் போயிற்று. ஆனால் 4 மில்லிகிராம் மட்டும் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மாத்திரையை நிறுத்தி, தினமும் சோதித்தார்கள். எண் இறங்கிய பிறகு 3 மில்லிகிராமில் மறுபடி ஆரம்பித்து, பழையபடி வாரத்துக்கு மூன்று நான்கு நாள் கீரை சாப்பிடச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் 2.8-க்கு வந்து நின்றது. அக்கா பிழைத்தார். அங்கிருந்த டாக்டர் எனக்குச் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை: "கீரையை ஏன் நிறுத்தச் சொன்னீங்க? மாறாம சாப்பிடச் சொல்லியிருக்கணும்."

அடியோடு நிறுத்துவது ஏன் கூடாது?

"கீரையே இல்லாவிட்டால் தொல்லையே இல்லையே" என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. உடம்பு வைட்டமின் கே-யை அதிகமாகச் சேமித்து வைப்பதில்லை. வீட்டுப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நிறைந்த தொட்டியில் ஒரு வாளி ஊற்றினாலும் எடுத்தாலும் மட்டம் அவ்வளவாக மாறாது. அடியில் நாலு விரல் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், ஒரு வாளியில் மட்டமே மாறிப்போகும். கீரையே தொடாதவர் கல்யாண வீட்டில் ஒரு நாள் கீரைக் கூட்டு சாப்பிட்டால் போதும், ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். இரண்டு நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் அப்படியே. தினமும் கொஞ்சம் கீரை சாப்பிடுகிறவருக்கு அதே மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

2007-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதையே காட்டியது. காரணம் தெரியாமல் ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக் கொண்டிருந்த 70 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் தினம் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே-யும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். வைட்டமின் கே பெற்றவர்களின் எண் அதிகம் நிலைத்து நின்றது. ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் எல்லாருக்கும் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே எல்லோரும் வைட்டமின் கே மாத்திரை வாங்கி விழுங்குங்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. சாப்பாட்டில் உள்ள கீரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதே நமக்குப் பாடம்.

சாறுக்கு மட்டும் ஏன் தனி எச்சரிக்கை?

பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 90, ஆண்களுக்குச் சுமார் 120 மைக்ரோகிராம் வைட்டமின் கே போதும். ஸ்பினாச் கீரை 100 கிராமில் மட்டும் சுமார் 480 இருக்கிறது. கோசில் அதே 100 கிராமுக்குச் சுமார் 75. வெள்ளரிக்காயில் தோலோடு சேர்த்துச் சுமார் 16. இலை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவுக்கு வைட்டமின் கே கூடுதல் என்று நினைவில் வைத்தால் போதும். முருங்கை இலை, பாயாம், சாவி, மரவள்ளி இளந்தளிர், கொத்தமல்லித் தழை எல்லாம் அந்தக் கரும்பச்சை வகை.

பொரியலாக ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு கீரை தின்ன முடியும் என்பதற்கு வயிறே எல்லை வைக்கிறது. அரைத்துச் சாறாக்கினால் மூன்று நான்கு கைப்பிடி ஒரு குவளையில் அடங்கிவிடுகிறது, குடிப்பதும் தெரியாது. அடுத்தது, சாறின் அளவு நாளுக்கு நாள் மாறும். வைட்டமின் கே இலையின் பச்சையோடு ஒட்டிக் கிடப்பது, தண்ணீரில் கரையாது. மெல்லிய துணியில் வடித்தால் சக்கையோடு ஒரு பங்கு போய்விடும். வடிகட்டாமல் குடித்தால் முழுவதும் உள்ளே போகும். எண்ணெயில் தாளித்ததோடு சாப்பிட்டால் உடம்பு இன்னும் நன்றாக ஈர்த்துக் கொள்ளும். ஆகவே "ஒரு கிளாஸ்" என்பது அளவே அல்ல. எத்தனை கைப்பிடி இலை, எந்த இலை, வடித்ததா வடிக்காததா என்பதுதான் அளவு.

வேக வைத்தால் வைட்டமின் கே அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, சமைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். "காலையில சாறு, சாயந்திரம் மாத்திரை, இரண்டும் சேராதே ஐயா" என்பார்கள். அதுவும் உதவாது. இரண்டும் வயிற்றில் சண்டை போடுவதில்லை. கல்லீரலில்தான் ஒன்றை ஒன்று எதிர்க்கின்றன. வார்பரின் உடம்பில் நாள் கணக்கில் தங்கும். உறைய வைக்கும் பொருள்களும் அப்படியே. இன்று குடித்த சாறின் பலன் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஐ.என்.ஆர். எண்ணில் தெரிய ஆரம்பிக்கும். நிலைக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நேற்று நிறுத்திவிட்டு இன்று சோதித்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று மகிழ்ந்து போகாதீர்கள்.

சாறு குடிக்கத்தான் வேண்டும் என்றால்

இதுவரை குடிக்காதவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. சமைத்த கீரை போதும். மனம் கேட்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலாவது, ஆரம்பிக்கும் முன்பே வார்பரின் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்க்கத் தேதி கேளுங்கள். நான்கு வாரம் தள்ளி இருக்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒரே இலை, ஒரே கைப்பிடிக் கணக்கு, ஒரே முறை. ஒரு கைப்பிடி என்றால் எல்லா நாளும் ஒரு கைப்பிடி. மருமகள் கை ஒரு நாள், பேரன் கை ஒரு நாள் என்று அளக்க வேண்டாம். ஒரு டின்னையோ சிறு கிண்ணத்தையோ அளவாக வையுங்கள்.

மூன்றாவது, நிறுத்தும்போதும் இதே சடங்கு. அக்காவுக்குத் துன்பம் வந்தது சாறு ஆரம்பித்தபோது மட்டுமல்ல, நிறுத்தியபோதும்தான். ஏற்கெனவே தினமும் குடித்துக் கொண்டிருக்கும் ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே நிறுத்தினால், என் பழைய தவறை அவரே செய்தவர் ஆவார். முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொல்கிறபடி மாற்றுங்கள்.

பச்சைப் பொடி, கோதுமைப்புல் பொடி, குளோரோபில் பானம் என்று வீடு தேடி வந்து விற்பவற்றுக்கும் இதே சட்டம். டப்பாவையே கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சாயூர் மானிஸ் என்னும் சேக்கூர் மானிஸ் கீரையைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடிக்கவே வேண்டாம். 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று அதைப் பச்சைச் சாறாக வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டது. இதற்கும் வார்பரினுக்கும் சம்பந்தமில்லை; மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இது பொருந்தும். சமைத்துச் சாப்பிடும் வழக்கம் வேறு.

சாப்பாடு மாறும் காலங்கள்

நம் வீடுகளில் சாப்பாடு தானாகவே மாறும் சமயங்கள் உண்டு. புரட்டாசி மாதத்தில் மீனும் இறைச்சியும் போய் கீரையும் காயும் ஏறும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரத நாள்களில் ஒரு வேளைச் சாப்பாடாக்கி விடுவார்கள். கீரை ஏறினால் ஐ.என்.ஆர். இறங்கும், சாப்பாடே குறைந்தால் ஐ.என்.ஆர். ஏறும். விரதம் இருக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆரம்பிக்கும் முன் கிளினிக்கில் தேதியைச் சொல்லி, ஆரம்பித்த ஒரு வாரத்திலும், முடிந்த ஒரு வாரத்திலும் இரத்தம் சோதித்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் சொல்ல வேண்டும். கிருமிக் கொல்லி மருந்துகள் பல ஐ.என்.ஆர்.-ஐ ஏற்றும். அவற்றை எழுதும் எந்த டாக்டரிடமும், எழுதும் முன்பே, "நான் வார்பரின் சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கும்போதும் அதையே சொல்லுங்கள்.

மாத்திரை மறந்து போனால், அதே நாளில் நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அதை விட்டுவிடுங்கள். இரட்டையாகச் சாப்பிடக் கூடாது. புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இன்று வார்பரினுக்குப் பதிலாக வேறு புதிய மாத்திரைகளும் உண்டு. அவற்றுள் ரிவரோக்சபான், டபிகட்ரான் போன்றவற்றுக்குக் கீரைக் கணக்கு கிடையாது. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஆகாது, அவர்களுக்கு வார்பரின்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைப் பார்த்து மாற்றச் சொல்லாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

எண் ஏறினால்: ஈறு, மூக்கில் இரத்தம் வந்து, பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தும் நிற்காதது, அடிபடாமலே கருநீலத் தழும்பு, சிவந்த சிறுநீர், தார் போன்ற கறுப்பு மலம், மாதவிலக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாவது. தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செம்பனை மட்டை தலையில் விழுந்து, "ஒண்ணுமில்லை" என்று வீட்டில் படுத்துக் கொள்ளாதீர்கள்.

எண் இறங்கினால்: வாய் கோணுதல், கை கால் ஒரு பக்கம் சோர்தல், பேச்சு குழறுதல், திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். உலோக வால்வு உள்ளவர்களுக்கு நெஞ்சில் கேட்கும் "டிக் டிக்" சத்தம் மங்கினாலோ கேட்காமல் போனாலோ அதுவும் அவசரம்தான்.

கிளினிக்குக்குப் போகும்போது

ஐ.என்.ஆர். எண் மாறியிருந்தால் மாத்திரையை மாற்றும் முன் கிளினிக்கில் சொல்ல வேண்டியவை ஐந்து. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வெட்டி எடுத்துப் புத்தகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. போன முறை வந்ததற்குப் பிறகு எத்தனை மாத்திரை விட்டேன்.
2. வாரத்தில் எத்தனை நாள் கீரை சாப்பிடுகிறேன். முன்னைவிடக் கூடியதா, குறைந்ததா.
3. சாறு, பொடி, மூலிகை, நாட்டு மருந்து ஏதாவது ஆரம்பித்தேனா, நிறுத்தினேனா; எந்தத் தேதியில்.
4. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரதம் இருந்ததா.
5. வேறு டாக்டரிடமோ கடையிலோ என்ன மருந்து வாங்கினேன்.

மாத்திரையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; உறையில் எழுதியிருக்கும் மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். தயாரிப்பு மாறினால் நிறமும் மாறலாம்.

அந்த அக்கா இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். வரும்போதெல்லாம், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஐயா, கீரை நாலு நாள், சாறு இல்லை, மாத்திரை விடலை" என்று ஒப்பித்து விடுவார். இந்த மூன்று சொல் போதும், அவருடைய எண்ணை நான் ஏறக்குறைய ஊகித்து விடுவேன்.